ஏஸை எத்தனை முறை விட்டுப் பிடிப்பது?

அன்புள்ள ஐயா,

நோ ட்ரம்பில் எதிராளி நீளமான சூட்டைத் தொடங்கினால் ஏஸை உடனே எடுக்காதே, விட்டுப் பிடி என்று எங்கள் பிரிட்ஜ் கிளப்பில் எல்லோரும் சொல்கிறார்கள். போன வாரம் 3 நோ ட்ரம்பில் அப்படியே இரண்டு முறை விட்டேன், மூன்றாவதில் எடுத்தேன். அப்படியும் ஒரு ட்ரிக்கில் தோற்றேன். கையில் இருக்கும் ஏஸை வைத்துக்கொண்டு எதிராளிக்கு இரண்டு ட்ரிக்கை ஏன் சும்மா கொடுக்க வேண்டும்? எத்தனை முறை விடுவது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அன்புடன்,
கே.

அன்புள்ள கே.,

சீட்டுகளை நீங்கள் எழுதவில்லை. இருந்தாலும் எங்கே போயிருக்கும் என்று ஓரளவு ஊகிக்க முடிகிறது. அதற்கு முன் ஒரு ஆட்டத்தை முழுதாகப் பார்த்துவிடலாம்.

நீங்கள் தெற்கு. உங்கள் கையில் ஸ்பேடில் ஏஸ், 7, 5, 2. ஹார்ட்டில் ஏஸ், 7, 4. டைமண்டில் 9, 8, 2. கிளப்பில் ஏஸ், ராஜா, 5. டம்மியான வடக்கில் ஸ்பேடில் ராஜா, 8, 6. ஹார்ட்டில் 5, 3. டைமண்டில் ஏஸ், ராணி, ஜாக், 10, 4. கிளப்பில் 7, 6, 4. நீங்கள் 1 நோ ட்ரம்ப் சொல்ல, வடக்கு 3 நோ ட்ரம்புக்கு உயர்த்திவிட்டார். 9 ட்ரிக் வேண்டும், அதாவது 4 வரை தோற்கலாம்.

மேற்கு ஹார்ட் 6ஐ லீட் செய்கிறார். டம்மி 3, கிழக்கு ராணி. இங்கே ஒரு நிமிடம் நிறுத்தி எண்ணுங்கள். ஸ்பேடில் 2, ஹார்ட்டில் 1, கிளப்பில் 2. மீதி 4ஐ டைமண்ட்தான் தர வேண்டும். ராஜாவுக்கு ஒன்று போனாலும் அங்கே 4 வந்துவிடும். ஆகவே ஆட்டத்தில் ஒரே ஒரு தடவை லீடை எதிராளிக்குக் கொடுக்க வேண்டி வரலாம். உங்கள் கையிலிருந்து டைமண்ட் 9ஐ இறக்கி டம்மிப் பக்கம் ஓட விடுவதால், ராஜா மேற்கிடம் இருந்தால் மாட்டிக்கொள்ளும். இல்லையென்றால் வெல்லப்போவது கிழக்கு. இது முதல் சீட்டு விழுந்தபோதே தெரிந்துவிட்ட விஷயம். ஏஸை என்ன செய்வது என்ற கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது, ஹார்ட் சூட்டுக்குள் இல்லை.

மறைந்திருக்கும் ஹார்ட்டைத் திறந்து காட்டிவிடுகிறேன். மேற்கிடம் ராஜா, ஜாக், 8, 6, 2. கிழக்கிடம் ராணி, 10, 9. டைமண்ட் ராஜா கிழக்கிடம்.

முதல் ட்ரிக்கிலேயே ஏஸை எடுத்தால் என்ன ஆகும்? டைமண்ட் ராஜாவில் கிழக்கு உள்ளே வந்து ஹார்ட் 10ஐப் போடுவார். மேற்கு ஜாக்கால் அதன் மேல் எடுத்து வரிசையாக நாலு ஹார்ட் அடித்துவிடுவார். 4ம் 1ம் 5, தோல்வி. சரி, ஒரு முறை மட்டும் விட்டு இரண்டாவதில் எடுத்தால்? கிழக்கிடம் இன்னும் 9 இருக்கிறது. டைமண்டில் உள்ளே வந்து அதைப் போடுவார், மேற்குக்கு மூன்று ஹார்ட். முதலில் போன ராணியும் டைமண்ட் ராஜாவும் சேர்ந்து மறுபடி 5.

இரண்டு முறை விட்டுப் பாருங்கள். ராணி வெல்கிறது. அடுத்து கிழக்கு போடும் 10ம் வெல்கிறது. மூன்றாவதாக 9 வரும்போது ஏஸை எடுக்கிறீர்கள். இப்போது கிழக்கிடம் ஹார்ட்டே இல்லை. மேற்கிடம் ராஜாவும் ஜாக்கும் இருக்கின்றன, இரண்டுமே வெல்லும் சீட்டுகள், ஆனால் அவருக்கு லீட் கொடுக்க ஆள் இல்லை. டைமண்டை ஓட விடுங்கள். கிழக்கு ராஜாவில் வென்று எதைப் போட்டாலும் உங்கள் ஏஸோ ராஜாவோ காத்திருக்கிறது. தோற்றது மூன்றுதான். அந்த இரண்டு ட்ரிக்கை நீங்கள் சும்மா கொடுக்கவில்லை. கிழக்கின் கையிலிருந்த ஹார்ட் அத்தனையையும் அந்த விலைக்கு வாங்கிவிட்டீர்கள்.

எத்தனை முறை என்பதற்கு ஒரு குறுக்குவழி உண்டு. உங்கள் கையிலும் டம்மியிலும் அந்த சூட்டில் மொத்தம் எத்தனை சீட்டோ அதை 7லிருந்து கழியுங்கள். இங்கே 5 சீட்டு, ஆகவே 2 முறை. மேசையில் அவசரத்துக்கு இது போதும். எனக்குப் பிடித்தது எதிராளியின் சீட்டைப் படிப்பதுதான். நீளமான சூட்டில் மேலிருந்து நாலாவது சீட்டை லீட் செய்வது வழக்கம். இந்த ஆட்டத்தில் 6ஐ லீட் செய்த மேற்கு இரண்டாவது சுற்றில் 2ஐப் போட்டிருப்பார். 6க்குக் கீழே ஒன்று இருந்திருக்கிறது என்றால் அவரிடம் 5 சீட்டு. வெளியே இருந்தது 8, ஆகவே கிழக்கிடம் 3. மூன்றாவது சுற்றோடு கிழக்கின் கை காலி என்று அப்போதே தெரிகிறது.

இனி உங்கள் தோல்விக்கு வருகிறேன். அநேகமாக நீங்கள் லீடை இழந்தது மேற்கிடம். இரண்டு முறை விட்டு கிழக்கின் கையைக் காலி செய்த பிறகு, நீள சூட் வைத்திருக்கும் மேற்கே உள்ளே வந்துவிட்டால் மீதி இரண்டு ஹார்ட்டையும் அவரே அடித்துவிடுவார். சில ஆட்டங்களில் இதைத் தவிர்க்க வழியே இருக்காது. ஆனால் பல ஆட்டங்களில் எந்தப் பக்கம் இழப்பது என்பது உங்கள் கையில் இருக்கும். மேலே சொன்ன ஆட்டத்திலேயே டைமண்டை மட்டும் மாற்றிப் பாருங்கள். டம்மியில் ஏஸ், ஜாக், 10, 9, 4. உங்கள் கையில் ராஜா, 8, 2. ராணி யாரிடம் என்று தெரியாது. டம்மியின் ஏஸை எடுத்துவிட்டு அங்கிருந்து ஜாக்கை ஓட விட்டால், தவறினால் வெல்வது மேற்கு. அதோடு ஆட்டம் முடிந்தது. முதலில் கையிலிருக்கும் ராஜாவை எடுத்து, பிறகு 8ஐ டம்மிப் பக்கம் ஓட விட்டால், தவறினாலும் வெல்வது கிழக்கு. அவரிடம்தான் ஹார்ட் தீர்ந்துவிட்டதே. ராணி எங்கே என்ற ஊகமே தேவையில்லை. ஹார்ட்டில் சரியாகக் காத்திருந்துவிட்டு, டைமண்டில் பழக்கத்தால் எதிர்ப்பக்கம் ஆடித் தோற்பவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

அப்புறம், விடவே கூடாத நேரமும் உண்டு. முதலில் சொன்ன ஆட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கிளப் ராஜா உங்களிடம் இல்லை, ஏஸும் இரண்டு சின்னச் சீட்டும்தான். அதற்கு ஈடாக ஸ்பேட் ராணி இருக்கிறது. மொத்தம் அதே 9 ட்ரிக். இப்போது மேற்கு லீட் செய்வது ஹார்ட் 2 என்றால், அதற்குக் கீழே சீட்டு கிடையாது, அவரிடம் 4தான். கிழக்கிடமும் 4. ஏஸை உடனே எடுத்தால் அவர்களுக்கு ஹார்ட்டில் 3, டைமண்டில் 1, அவ்வளவுதான். ஆட்டம் உங்களுடையது. விட்டீர்களென்றால், ராணியில் வென்ற கிழக்கு ஹார்ட்டைத் தொடர வேண்டிய கட்டாயம் இல்லை. டம்மியின் சின்னக் கிளப்களைப் பார்த்து அங்கே தாவுவார். கிளப்பில் நீளம் அவரிடம் இருந்தால், டைமண்ட் ராஜாவில் திரும்ப வந்து அதை அடித்துவிடுவார். ஹார்ட்டில் ஒன்று, டைமண்டில் ஒன்று, கிளப்பில் மூன்று என்று 5 ஆகிவிடும். ஆகவே கிழக்கு தாவ வேறு பலவீனமான சூட் இருக்கிறதா என்று பார்க்காமல் முதல் சுற்றை விடாதீர்கள்.

அடுத்த முறை 26 சீட்டையும் எழுதி அனுப்புங்கள், எதிராளி போட்ட முதல் மூன்று சீட்டுகளோடு. எந்தக் கையில் லீடை இழந்தீர்கள் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.