பச்சைக் கேண்டில், ஆனால் விலை இறக்கமா?

கேள்வி: சுங்கை சிப்புட்டில் எங்களுக்குச் சின்னச் செம்பனைத் தோட்டம் இருக்கு. எண்ணெய் விலை சார்ட்டில் நேற்று பச்சை, ஆனால் விலை இறங்கிவிட்டது என்கிறார் அப்பா. எது சரி?

பதில்: இரண்டும் சரியாக இருக்கலாம். சார்ட்டில் ஒரு நாளின் விலைகளைக் காட்டும் கட்டைதான் கேண்டில். அதன் நிறம் அந்த ஒரு நாளின் தொடக்க விலையையும் முடிவு விலையையும் மட்டுமே ஒப்பிடுகிறது. அப்பா முந்தைய நாள் முடிவோடு ஒப்பிடுகிறார்.

உதாரணத்துக்கு, முந்தைய முடிவு டன்னுக்கு 4,050 ரிங்கிட். நேற்று 4,000-இல் தொடங்கி, 4,090 வரை ஏறி, 3,980 வரை இறங்கி, 4,020-இல் முடிந்தது என்று வைப்போம். திரையில் O, H, L, C என்று வருபவை முறையே இந்த நான்கும்தான். 4,000-க்கும் 4,020-க்கும் இடைப்பட்ட தடித்த பகுதி உடல். முடிவு மேலே இருப்பதால் பச்சை. ஆனாலும் முந்தைய முடிவைவிட 30 ரிங்கிட் குறைவு.

உடலுக்கு மேல் 70 ரிங்கிட் நீளத்துக்கு ஒரு மெல்லிய கோடு நிற்கும். 4,090 வரை போன விலை அங்கே தங்கவில்லை என்பதற்கு அடையாளம் அது. நான் நிறத்தைவிட இதைத்தான் முதலில் பார்ப்பேன். உச்சம் முதலில் வந்ததா, தாழ்வா என்பதை மட்டும் நாள் கேண்டில் சொல்லாது. அதற்கு ஒரு மணி நேரச் சார்ட்டுக்கு மாற்றிப் பாருங்கள்.