எங்கே கலக்கலாம், எங்கே கூடாது?

"கல்லூரி முதலாண்டு மாணவர்களுக்கு உதவித்தொகைக் கையேடு எழுதுகிறேன். அவர்கள் பேசும் தங்கிலீஷிலேயே எழுதினேன். ஆனாலும் படித்துவிட்டு மறுபடி வந்து சந்தேகம் கேட்கிறார்கள். எங்கே தவறு?"

'சர்டிபிகேட்டை அப்லோடு பண்ணு' என்று ஒரு மாணவர் சொல்கிறார். பொருளின் பெயரும் செயலின் பெயரும்தான் ஆங்கிலம். 'ஐ' உருபும் 'பண்ணு'வும் சொல்வரிசையும் தமிழ். ஆழ்வார் பாசுரங்களுக்கு வைணவ ஆசாரியர்கள் தமிழும் வடமொழியும் கலந்த மணிப்பிரவாள நடையில் உரை எழுதியபோதும் வடசொற்கள் இப்படித்தான் தமிழ் உருபுகளை ஏற்று நின்றன. பெயரைக் கடன் வாங்கினால் வாசகர் தடுமாறுவதில்லை. முன், பின், தவிர, இல்லாவிட்டால் போன்ற மூட்டுச் சொற்களையும் கடன் வாங்கும்போதுதான் சிக்கல் வருகிறது.

இப்படி ஒரு வரியைப் பாருங்கள்: 'இன்கம் சர்டிபிகேட் எக்செப்ட் மத்ததெல்லாம் ஜெராக்ஸ் ஓகே, அப்ளிகேஷன் பில் பண்ணி பிஃபோர் 15 சப்மிட்.' இங்கே 'எக்செப்ட்' என்பது 'தவிர' என்ற பொருளில் வருகிறது. தமிழ் எழுத்தில் படிப்பவருக்கு அது accept, அதாவது 'ஏற்றுக்கொள்வார்கள்' என்றும் படும். அப்போது பொருளே தலைகீழ். 'பில்' என்றதும் கட்டண ரசீது நினைவுக்கு வரும். 'பிஃபோர் 15' என்றால் 15ஆம் தேதி கொடுக்கலாமா, 14ஆம் தேதியே கடைசியா?

மாற்றி எழுதினால்: 'இன்கம் சர்டிபிகேட்டுக்கு மட்டும் ஒரிஜினல் வேண்டும். மற்றதற்கெல்லாம் ஜெராக்ஸ் போதும். அப்ளிகேஷனை நிரப்பி, 15ஆம் தேதி மாலை 5 மணிக்குள் ஆபீஸில் கொடுங்கள்.' ஆங்கிலப் பெயர்ச்சொற்கள் குறையவில்லை. ஆனால் எது வேண்டும், எதுவரை என்று சொல்லும் இடமெல்லாம் தமிழாகிவிட்டது.

சின்னச் சொற்களில் கூடுதல் கவனம் வேண்டும். 'பேக்' என்று எழுதினால் பையா, பின்பக்கமா, கட்டி வைப்பதா? நம் எழுத்து அந்த ஒலிகளைப் பிரித்துக் காட்டாது. ஆய்தம் போட்டு 'ஃபில்' என்று எழுதினாலும் பலர் அதைக் கவனிப்பதில்லை. 'சர்டிபிகேட்' போன்ற நீளமான சொல்லுக்கு இந்த ஆபத்து இல்லை. அதனால் குட்டிச் சொல்லுக்குத் தமிழையே வையுங்கள்.

திரையில் தெரியும் பெயரை மட்டும் மொழிபெயர்க்காதீர்கள். Save as Draft என்று இருந்தால் அப்படியே எழுதி, 'இதை அழுத்தினால் சேமிப்பு மட்டுமே ஆகும், அப்ளிகேஷன் போய்ச் சேராது; அதற்கு Submit அழுத்த வேண்டும்' என்று பக்கத்திலேயே சொல்லுங்கள். அப்புறம், ஒரு பக்கத்தில் விண்ணப்பம், அடுத்ததில் ஃபார்ம், பிறகு அப்ளிகேஷன் என்று மாற்றினால் மூன்று தாள் என்று நினைப்பார்கள். ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் தமிழ்வழியில் படித்த ஒருவரிடமும் ஆங்கிலவழியில் படித்த ஒருவரிடமும் பக்கத்தைக் கொடுத்து, "எதுக்கு ஒரிஜினல்? எந்தத் தேதி வரை?" என்று கேளுங்கள். 'புரியுதா?' என்று கேட்டால் இருவருமே தலையாட்டிவிடுவார்கள்.