அவசரத்துக்கென்று 90,000 ரூபாய், அதைக் காக்க 42 சதவீத வட்டி

கேள்வி: ஐயா, வாகன உதிரிபாக நிறுவனத்தில் தரக்கட்டுப்பாட்டு மேலாளராக இருந்தேன். வேலை போய் நான்கு மாதம் ஆகிறது. மனைவிக்குப் பள்ளியில் 18,000 ரூபாய் சம்பளம். வீட்டுக்கடன் தவணை 24,000, குடும்பச் செலவு 30,000. பற்றாக்குறையை கிரெடிட் கார்டில் சமாளித்ததில் பாக்கி 1.6 லட்சம் ஆகிவிட்டது. மாத வட்டி 3.5 சதவீதம். குறைந்தபட்சத் தொகையைத் தவறாமல் கட்டுகிறேன். அவசரத்துக்கு வங்கியில் 90,000 இருக்கிறது. இப்போது ஒரு சிறிய பட்டறையில் 34,000 சம்பளத்துக்குக் கூப்பிடுகிறார்கள். போகலாமா, தகுந்த வேலைக்குக் காத்திருக்கலாமா?

பதில்: போங்கள். ஆனால் உங்களை அரிப்பது வேலையின்மையை விட அந்தக் கார்டுதான்.

1.6 லட்சத்துக்கு மாத வட்டி 5,600. அதன்மேல் ஜிஎஸ்டி ஏறத்தாழ 1,000. நீங்கள் கட்டும் குறைந்தபட்சத் தொகை சுமார் 8,000 என்றால், அசலில் கழிவது 1,400 மட்டுமே. முழுப் பாக்கியைக் கட்டாதவரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லாத நாட்கள் கிடையாது. இன்று வாங்கும் அரிசிக்கு இன்றிலிருந்தே வட்டி ஓடுகிறது. அவசரத்துக்கென்று 90,000 ரூபாயைச் சேமிப்புக் கணக்கில் வைத்திருக்கிறீர்களே, இதைவிடப் பெரிய அவசரம் எது?

அதில் 60,000 எடுத்துக் கார்டில் கட்டுங்கள். மீதி ஒரு லட்சத்துக்கு வங்கியில் நகைக்கடன் வாங்கிக் கார்டு பாக்கியை முழுதாக அடைத்துவிடுங்கள். மாதம் ஒரு சதவீதம் வட்டி என்றாலும் 1,000 ரூபாய்தான். நகையை வைக்கக் கூச்சப்பட்டு, ஐந்து நிமிடத்தில் பணம் தரும் கடன் செயலிகள் பக்கம் மட்டும் போய்விடாதீர்கள். கார்டை வீட்டிலேயே பூட்டி வையுங்கள்.

இனி மாதப் பற்றாக்குறை நகைக்கடன் வட்டியோடு 37,000. காத்திருந்தால் கையில் மிஞ்சும் 30,000 ஒரு மாதத்துக்குக்கூட வராது. 34,000 வந்தால் துண்டு விழுவது 3,000 மட்டுமே. அதே 30,000 பத்து மாதம் தாங்கும். நல்ல வேலையைப் பதறாமல் தேட அந்தப் பத்து மாதம் உங்களுக்கு வேண்டும்.

இதில் சம்பளத்தைவிட நோட்டீஸ் காலம் முக்கியம். 90 நாள் என்று எழுதியிருந்தால், நாளை தகுந்த வேலை கிடைத்தாலும் அவர்கள் மூன்று மாதம் காத்திருக்க மாட்டார்கள். 30 நாளுக்கு மேல் ஒப்புக்கொள்ளாதீர்கள். இத்தனை வருடம் இருந்தே ஆகவேண்டும் என்ற பத்திரத்தில் கையெழுத்துப் போடவே வேண்டாம். பி.எஃப். பிடித்தால் இந்த வேலை உங்கள் யுஏஎன் கணக்கில் பதிவாகிவிடும். அதனால் சுயவிவரத்தில் மறைக்காமல் எழுதுங்கள். புதிய நிறுவனம் கடைசிச் சம்பளச் சீட்டைக் கேட்கும்போது, பழைய நிறுவனத்தின் சீட்டையும் சேர்த்துக் கொடுத்து, அதை அடிப்படையாக வைத்தே பேசுங்கள்.

பட்டறைக்காரர் வாய்மொழியாக 30 நாள் என்றால் போதாது. நியமனக் கடிதத்தில் அந்த வரி வந்த பிறகு சேருங்கள்.