'வந்தான்' என்ற சொல்லுக்கு எத்தனை நிறம்? பகுபத உறுப்பிலக்கண ஸ்லைடுகள் பற்றிய கேள்வி பதில்

பெரம்பூர் ஆசிரியை: பகுபத உறுப்புகள் ஆறு என்பதால், பத்தாம் வகுப்பு ஸ்லைடுகளுக்கு ஆறு நிறங்கள் வைத்தேன். 'வந்தான்' என்பதில் விகாரத்தின் நிறத்தை எந்த எழுத்துக்குக் கொடுப்பது?

பதில்: ஐந்து நிறங்களே போதும். பகுதி, சந்தி, இடைநிலை, சாரியை, விகுதி ஆகியவை சொல்லில் இடம்பெறும் உறுப்புகள். விகாரமோ அவற்றில் நேரும் மாற்றம். முதல் ஸ்லைடில் 'வா + த் + த் + ஆன்' என்று நிறங்களோடு காட்டுங்கள். அடுத்ததில் 'வா' என்பது 'வ' எனக் குறுகுவதையும், சந்தி 'த்' என்பது 'ந்' எனத் திரிவதையும் நிறம் மாற்றாமல் புள்ளிக்கோட்டுக் கட்டமிட்டுக் காட்டுங்கள். விடைத்தாளில் 'வா(வ) + த்(ந்) + த் + ஆன்' என்று எழுதும்போது அடைப்புக்குறி எதற்கு என்பது மாணவருக்குத் தானாகவே விளங்கும்.

தாம்பரம் ஆசிரியர்: 'தா' என்ற எழுத்தில் மெய்க்கு ஒரு நிறமும் உயிருக்கு வேறு நிறமும் கொடுத்தால் எழுத்து உடைந்து, புள்ளி வட்டம் தோன்றுகிறது. என்ன செய்வது?

பதில்: உயிர்மெய்யைத் திரையில் பிரிக்க முயல வேண்டாம். துணைக்காலைத் தனியே நிறமாக்கினால் சில மென்பொருள்களில் இப்படித்தான் சிதையும். அப்படியே பிரிந்தாலும், இடைநிலையின் 'த்' முடிந்து விகுதியின் 'ஆ' தொடங்கும் இடத்தை அது சரியாகக் காட்டாது. முழுச் சொல்லை மேலே கறுப்பில் எழுதி, அதன் கீழே பிரித்த உறுப்புகளை மட்டும் தனித்தனிப் பெட்டிகளில் நிறத்தோடு வையுங்கள்.

கொளத்தூர் பயிற்சி ஆசிரியர்: 'படித்தான்' என்பதில் இரண்டு 'த்' எழுத்துகளும் இறந்தகாலத்தையே காட்டுவதால் ஒரே நிறம் கொடுத்தேன். சரிதானே?

பதில்: பாதி சரி. இரண்டாவது 'த்' மட்டுமே இடைநிலை, முதலாவது சந்தி. இதை மனப்பாடமாகச் சொல்லிக்கொடுப்பதைவிட, 'செய்தான், செய்கிறான், செய்வான்' என்ற வரிசையையும் 'படித்தான், படிக்கிறான், படிப்பான்' என்ற வரிசையையும் ஒரே ஸ்லைடில் அருகருகே வைப்பது மேல். முதல் வரிசையில் த், கிறு, வ் ஆகியவை பகுதியை அடுத்தே வருகின்றன; இரண்டாவதில் அந்த இடைநிலைகளுக்கு (எதிர்காலத்தில் 'ப்') முன்னால் த், க், ப் என ஒரு மெய் கூடுதலாக நிற்பதை மாணவர்களே கண்டுபிடிப்பார்கள். இக்கால மொழியியலார் பலர் 'த்த்' முழுவதையும் ஒரே காலங்காட்டியாகக் கொள்வதால் உங்கள் எண்ணத்துக்கும் இடமுண்டு; அந்த விவாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் பள்ளித் தேர்வு நன்னூல் வழியில் அமைந்தது என்பதால் வகுப்பில் இரு நிறங்களே தேவை.

பெரம்பூர் ஆசிரியை: என் வகுப்பில் ஒரு மாணவனுக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியவில்லை. அவனுக்கு மட்டும் தனிப் பிரதி தரலாமா?

பதில்: அவனைத் தனிமைப்படுத்த வேண்டாம், எல்லாருக்கும் ஒரே பிரதி போதும். பகுதிக்கு அடர்நீலமும் இடைநிலைக்கு ஆரஞ்சும் கொடுத்து, ஒவ்வொரு பெட்டியின் அடியிலும் உறுப்பின் பெயரை எழுதிவிடுங்கள். கறுப்பு வெள்ளையில் நகலெடுத்தாலும் அந்தப் பெயர்களைக் கொண்டு படித்துக்கொள்ளலாம்.