துக்கம் விசாரிப்பதா, வழக்கு விசாரிப்பதா?

கேள்வி: அலுவலக நண்பரின் அப்பா இறந்து ஐந்து நாட்களாகின்றன. துக்கம் விசாரிக்க அவர் வீட்டுக்கு முதல் முறையாகப் போகிறேன். என்ன உடுத்த வேண்டும், என்ன பேச வேண்டும், எவ்வளவு நேரம் இருக்க வேண்டும்? (வாசகர், பாலக்கோடு)

பதில்: 'விசாரிக்க' என்ற சொல்லைக் கண்டாலே எனக்குப் பழைய கோபம் கிளம்பிவிடுகிறது. ஓசூர்ப் பக்கம் தெலுங்கு பேசுகிறவர்களைக் கேட்டால், 'விசாரம்' என்றால் வருத்தம் என்பார்கள். தமிழிலும் அதற்குக் கவலை என்றொரு பொருள் உண்டு. நம்மில் பலரோ காவல் நிலையப் பொருளை மட்டும் எடுத்துக்கொண்டு இழவு வீட்டுக்குள் நுழைகிறார்கள். எத்தனை மணிக்கு நெஞ்சு வலித்தது, எந்த டாக்டர் பார்த்தார், எவ்வளவு செலவானது என்று தொடங்கி, தருமபுரிக்குத் தெற்கே சேலமும் வடக்கே பெங்களூருவும் இருக்கும் வசதியால், சேலத்தில் இறந்தவரைப் பெங்களூருவுக்கும் பெங்களூருவில் இறந்தவரைச் சேலத்துக்கும் கொண்டுபோயிருக்கலாம் என்று முடிப்பார்கள். என் தந்தையை இரண்டு ஊர்களுக்கும் கொண்டுபோய்ப் பார்த்திருந்தோம். அதற்கும் ஒரு பெரியவர், "கடைசிக் காலத்தில் இப்படி அலைக்கழித்திருக்க வேண்டாம்" என்று தீர்ப்பு எழுதிவிட்டுப் போனார். அன்றிரவு என் தம்பி சாப்பிடவில்லை.

எனவே, எப்படி இறந்தார் என்று நீங்களாகக் கேட்காதீர்கள். நண்பரே சொன்னால் குறுக்கிடாமல் கேளுங்கள். "இனி அம்மாவை நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும்" என்பதும் வேண்டாம், அது ஐந்து நாட்களாக அவர் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருக்கும் விஷயம். வெளுத்த பருத்திச் சட்டையும் வேட்டியோ கால்சட்டையோ போதும். மனைவியும் வருவதானால் பட்டும் தலையில் பூவும் வேண்டாம். இனிப்பு வாங்கிச் செல்லாதீர்கள். சில வீடுகளில் செவ்வாய், வெள்ளிக் கிழமைகளில் துக்கம் கேட்க வருவதை விரும்பமாட்டார்கள் என்பதால், அந்த வீட்டு வழக்கத்தை உடன் வேலை செய்பவர் யாரிடமாவது முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

வாசலில் உங்களை யாரும் "வாங்க" என்று அழைக்கமாட்டார்கள். அதை அவமதிப்பாக எண்ணாமல், நீங்களும் வணக்கம் சொல்லாமல், நேரே போய் நண்பரின் கைகளைப் பற்றிக்கொண்டு பாயில் அமருங்கள். முதல் ஐந்து நிமிடங்கள் யாரும் பேசாவிட்டால் அதுவே சரியான விசாரிப்பு. அப்பாவைப் பற்றி நண்பர் அலுவலகத்தில் உங்களிடம் சொன்ன ஒரு செய்தி நினைவிருந்தால் அதைச் சொல்லுங்கள். பழக்கமில்லாத வீடு என்பதால் கால் மணி நேரம் போதும். அடுத்து வருகிறவர்கள் உட்கார இடமின்றி நின்றால் அதற்கும் முன்பே எழுந்துவிடலாம். கருமாதி எத்தனையாவது நாள் என்பது சாதிக்குச் சாதி மாறும். அவர்களே தேதியைச் சொன்னால் குறித்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும்போதுதான் பலர் தவறு செய்கிறார்கள். "போயிட்டு வரேன்" என்று நம் நாக்குக்குப் பழகிப்போன சொல், அந்த வீட்டில் இன்னொரு சாவுக்கு வருகிறேன் என்று கேட்கும். ஒன்றும் சொல்லாமல் எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்துவிடுங்கள். வீட்டுக்குப் போனதும் தலைக்குக் குளித்துவிட்டு உள்ளே நுழையுங்கள்.