அறுபது சதவீதத்துக்கு மூன்று வயதா?

வணக்கம். தொல்லியல் அறிக்கைகளை விரும்பிப் படிப்பவன் நான். கார்பன்-14 கணக்கை நானே போட்டுப் பார்க்கலாம் என்று ஒரு நாள் உட்கார்ந்தேன். ஒரு மரத்துண்டில் இன்றைய அளவில் 60 சதவீதம் கார்பன்-14 மிச்சமிருக்கிறது என்று வைத்துக்கொண்டு, பாடப்புத்தகத்தில் உள்ள அரை ஆயுளான 5730 ஆண்டைப் போட்டால் 4223 ஆண்டு வருகிறது. ஆனால் அதே 60 சதவீதத்துக்கு ஆய்வகங்கள் 4103 BP என்று எழுதுமாம். அதை 4100±30 என்று OxCal என்ற திருத்தக் கணினி நிரலில் கொடுத்தால் கி.மு. 2860 முதல் 2570 வரை என்கிறது. எதுதான் அந்த மரத்தின் வயது? 5730 சரி என்றால் ஆய்வகங்கள் ஏன் இன்னும் வேறு எண்ணை வைத்துக்கொண்டிருக்கின்றன?

க., திருச்சி

அன்புள்ள க.,

மரத்தின் வயது நீங்கள் கடைசியாகச் சொன்ன வீச்சுதான். 4103 என்பது வயதே அல்ல. 60 சதவீதம் என்ற அளவீட்டை வேறு விதமாக எழுதும் முறை, அவ்வளவுதான். இதைப் பிடித்துக்கொண்டால் மற்றவை எளிதாக விளங்கும்.

ஆய்வகம் போடும் கணக்கு இது:

t = −8033 × ln(F)

F என்பது மாதிரியில் மீதமுள்ள பங்கு. உங்கள் கணக்கில் அது 0.6. 1940-களின் இறுதியில் வில்லார்ட் லிபி இந்த முறையை உருவாக்கினார். அடுத்த சில ஆண்டுகளில் நிலைபெற்ற அரை ஆயுள் 5568 ஆண்டு. அதை இரண்டின் இயற்கை மடக்கையால், அதாவது 0.693-ஆல், வகுத்தால் 8033 கிடைக்கும். பிற்பாடு இன்னும் துல்லியமாக அளந்தபோது அரை ஆயுள் 5730 என்று தெரிந்தது. ஆனால் அதற்குள் ஏராளமான முடிவுகள் பழைய எண்ணில் அச்சாகிவிட்டன. பாதி பழைய எண்ணிலும் பாதி புதிய எண்ணிலும் இருந்தால் ஒன்றோடொன்று ஒப்பிட முடியாது. அதனால் பழையதையே வைத்துக்கொள்வது என்று ஒப்புக்கொண்டார்கள். BP என்றால் 1950-க்கு முன் என்று பொருள். நாம் வாழும் ஆண்டிலிருந்து எண்ணுவதில்லை. நீங்கள் சொல்லும் 'இன்றைய அளவு' என்பதும் அப்படித்தான். 1960-களின் காற்றில் அணுகுண்டுச் சோதனைகளால் கார்பன்-14 ஏறக்குறைய இரட்டிப்பாகிவிட்டது. ஆகவே 1950-இன் காற்றுக்கு ஈடாக வகுத்துக்கொண்ட ஒரு தர அளவோடுதான் ஒப்பிடுகிறார்கள்.

சரி, அப்படியானால் 5730-ஐப் போட்டு வந்த உங்கள் 4223 ஏன் சரியான வயது இல்லை? நீங்கள் அரை ஆயுளைத் திருத்திவிட்டீர்கள். ஆனால் கணக்குக்குள் இன்னொரு அனுமானம் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது: அந்த மரம் உயிரோடு இருந்தபோது காற்றில் இருந்த கார்பன்-14, 1950-இல் இருந்த அளவேதான் என்பது அது.

லிபிக்கும் இந்தச் சிக்கல் வந்தது. அவர் முதலில் அளந்த மாதிரிகளில் ஒன்று, எகிப்து மன்னர் ஜோசரின் கல்லறையில் கிடைத்த வேல மரத்துண்டு. எகிப்திய அரசர் பட்டியல்படி அது சுமார் 4650 ஆண்டு பழையது. லிபிக்குக் கிடைத்ததோ சுமார் 4000 ஆண்டு, கூடவே ±350 என்ற பெரிய பிழை எல்லை. அந்த எல்லையை நினைத்தால் அது மோசமான முடிவு இல்லை. ஆனால் கருவிகள் கூர்மையாகி, பிழை எல்லை சுருங்கிய பிறகும் 'பழைய அரசு' எனப்படும் காலத்து எகிப்திய மாதிரிகள் தொடர்ந்து இளமையாகவே வந்தன. தற்செயலான பிழை என்றால் இரண்டு பக்கமும் சிதறியிருக்க வேண்டும். எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தால் அனுமானத்தில்தான் கோளாறு.

அதற்கு விடை கலிபோர்னியாவின் வெள்ளை மலைகளில் வளரும் பிரிசில்கோன் பைன் மரங்களிலிருந்து வந்தது. இவற்றில் சில 4000 ஆண்டுக்கு மேல் வாழ்பவை. உயிருள்ள மரத்தின் வளையங்களை, அருகில் செத்துக் கிடக்கும் மரத்தின் வளையங்களோடு தடித்த, மெல்லிய வரிசை பார்த்துப் பொருத்தினால் ஆண்டுக் கணக்கு இன்னும் பின்னோக்கிப் போகும். ஒரு வளையம் எந்த ஆண்டில் வளர்ந்தது என்று எண்ணியே சொல்லிவிடலாம். பிறகு அந்த வளையத்திலேயே கார்பன்-14-ஐ அளக்கலாம். வேதியியலாளர் ஹான்ஸ் சூஸ் இப்படி அளந்து, வளையத்தின் உண்மை வயதுக்கு எதிரே கார்பன் வயதை வைத்து வரைந்த கோடு நேராக இல்லை. ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் மெல்ல விலகிப்போனது, நடுவே நெளிந்தும் இருந்தது.

உங்கள் மரத்துக்கு இதைப் பொருத்திப் பார்ப்போம். அது கி.மு. 2650-இல் வளர்ந்தது என்று வையுங்கள், 1950-க்கு 4600 ஆண்டு முன். 5730-இன்படி அத்தனை ஆண்டில் தொடக்க அளவில் 57.3 சதவீதம்தான் மிஞ்ச வேண்டும். ஆனால் 60 இருக்கிறது. 60-ஐ 0.573-ஆல் வகுத்தால் 104.7. ஆக, அன்றைய காற்றில் 1950-ஐவிட 4.7 சதவீதம் கூடுதல் கார்பன்-14 இருந்திருக்கிறது. அந்தக் கூடுதல் சிதைந்து தீர ஏறக்குறைய 377 ஆண்டு ஆகும். உங்கள் 4223-ஐயும் அதையும் கூட்டிப் பாருங்கள், 4600 வந்துவிடும்.

கூடுதல் ஏன்? கார்பன்-14 உருவாவது விண்வெளிக் கதிர்களால். பூமியின் காந்தப்புலம் அக்கதிர்களில் பெரும்பங்கைத் தடுக்கிறது. புலம் பலவீனமாக இருந்த ஆயிரமாண்டுகளில் உற்பத்தி கூடியது. பின்னோக்கிப் போகப்போக இந்த விலகல் பெரிதாகிறது: 10,000 BP என்றால் உண்மையில் சுமார் 11,500 ஆண்டு, 20,000 BP என்றால் சுமார் 24,000. பழைய மாதிரிகளுக்குத் திருத்தம் இல்லாமல் ஆகாது என்பது இதனால்தான். இன்று பயன்படும் IntCal20 என்ற திருத்தக் கோட்டில் ஏறத்தாழ 14,000 ஆண்டு வரை மர வளையங்கள் துணை நிற்கின்றன. அதற்கு முன்னால் ஜப்பானின் சுய்கெட்சு ஏரிப் படிவங்கள், சீனாவின் ஹுலு குகைக் கல் போன்றவை கைகொடுக்கின்றன. அப்படி 55,000 ஆண்டு வரை போகிறது.

5568 தவறாக இருந்தும் கெடுதல் இல்லாதது ஏன் என்பதும் இப்போது விளங்கும். கி.மு. 2650-இன் வளையத்தையும் அதே தவறான எண்ணில்தான் கணக்கிடுகிறார்கள், உங்கள் மரத்தையும் அதே எண்ணில்தான். ஒப்பிடும்போது தவறு அடிபட்டுப்போகிறது. நீங்கள் 4223-ஐ OxCal-இல் போட்டிருந்தால்தான் ஆபத்து. அரை ஆயுள் திருத்தம் இரண்டு முறை ஏறிவிடும்.

±30 உள்ளே போய் 290 ஆண்டு வீச்சாக வெளியே வந்தது கோட்டின் நெளிவால். காற்றின் அளவு ஏறி இறங்கியதில் ஒரே F மதிப்பு பல ஆண்டுகளுக்குப் பொருந்துகிறது. நீங்கள் சொன்ன வீச்சிலும் நடுவில் ஓர் இடைவெளி இருப்பதைத் திரையில் பார்த்திருப்பீர்கள். இதில் மிக மோசமான இடம் கி.மு. 800 முதல் 400 வரை, கோடு கிட்டத்தட்ட கிடையாகவே படுத்துவிடுகிறது. 2450±30 என்று அளந்தால் விடை சுமார் கி.மு. 750 முதல் 410 வரை விரிந்துவிடும். கீழடியின் கரித்துண்டுக்குச் சொல்லப்பட்ட கி.மு. 6ஆம் நூற்றாண்டு இந்தப் பரப்புக்குள்தான் விழுகிறது. ஆகவே இக்காலத்துக்குக் கி.மு. 580 என்று ஒற்றை ஆண்டைப் பார்த்தால், அதன் வீச்சு என்ன என்று கேளுங்கள். நான் எப்போதும் அதைத்தான் முதலில் தேடுவேன்.

ஒன்றை மட்டும் எந்தக் கோடும் திருத்தாது. மரத்தின் நடுப்பகுதி, அது வெட்டப்படுவதற்கு வெகுகாலம் முன்பே கார்பன் வாங்குவதை நிறுத்தியிருக்கும். அளப்பது அந்த வளையத்தின் வயதைத்தான், கல்லறையின் வயதை அல்ல. அதனால்தான் 2010-இல் கிறிஸ்டோபர் பிராங்க் ராம்சே குழுவினர் எகிப்தின் காலவரிசையை மறுபடி சோதித்தபோது பெரிய மரக்கட்டைகளை நம்பவில்லை. அருங்காட்சியகங்களில் இருந்த விதை, கூடை, துணி போன்ற, ஓரிரு ஆண்டே வாழ்ந்த செடிகளிலிருந்து 200-க்கும் மேற்பட்ட மாதிரிகளை எடுத்தார்கள். அவற்றின் முடிவுகளை அரசர்களின் வரிசையோடு சேர்த்துக் கணக்கிட்டார்கள். ஜோசர் அரியணை ஏறியது கி.மு. 2691-க்கும் 2625-க்கும் இடையில் என்று வந்தது.