குதிகால் வலியும் ஸ்குவாட்டும்

அண்ணா, வயது 31. சுங்கை சிப்புட் பக்கம் செம்பனை ஆலையில் வேலை. ஷிப்டு முழுக்க சேஃப்டி பூட்ஸோடு சிமெண்டுத் தரையில் நிற்கிறேன். சின்ன வயதிலிருந்தே தட்டைப் பாதம். மூன்று மாதமாக வலது குதிகாலின் அடியில் வலி, காலையில் எழுந்து வைக்கும் முதல் சில அடிகள்தான் ரொம்ப மோசம். ஜிம்மில் 80 கிலோ ஸ்குவாட், 100 கிலோ டெட்லிஃப்ட் செய்கிறேன். நின்று செய்வதை எல்லாம் நிறுத்தச் சொல்கிறார்கள். நிறுத்த வேண்டுமா? என்ன சப்பாத்து வாங்குவது?

தம்பி,

நிறுத்த வேண்டாம், மாற்றிச் செய்தால் போதும். முதலில் ஒன்று பார்த்துக்கொள்ளுங்கள். நுனிக்காலில் எழும்பி நின்றால் பாதத்தில் வளைவு தெரிகிறதா, குதிகால் உள்பக்கம் திரும்புகிறதா? இரண்டும் நடந்தால் உங்கள் தட்டைப் பாதம் வளைந்துகொடுக்கிற வகை, அதற்கென்று பயப்பட ஒன்றுமில்லை. வளைவு வரவே இல்லை, அல்லது ஒற்றைக் காலில் எழும்பவே முடியாமல் கணுக்காலின் உள்பக்கம் வலிக்கிறது என்றால் டாக்டரைப் பாருங்கள். குதிகாலை இரண்டு பக்கமும் அழுத்தினால் கடுமையாக வலித்தாலும், மரத்துப்போனாலும், படுத்திருக்கும்போதே வலித்தாலும் அப்படித்தான். எலும்பில் கீறலோ நரம்புக் கோளாறோ இருக்கலாம்.

நீங்கள் சொல்லும் காலை வலி, குதிகால் எலும்பிலிருந்து விரல்கள் வரை ஓடும் தடித்த நார்ப்பட்டையின் வலியாகத்தான் பெரும்பாலும் இருக்கும். அந்தப் பட்டைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பாரம் கொடுத்துப் பழக்க வேண்டும். படியின் ஓரத்தில் வலது காலை மட்டும் வைத்து நில்லுங்கள், குதிகால் வெளியே தொங்கட்டும், விரல்களுக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்து விரல்கள் மேல்நோக்கி மடங்கும்படி செய்யுங்கள். இந்தத் துண்டுதான் முக்கியம், ஏனென்றால் விரல் மடங்கினால்தான் பட்டை இறுகும், வெறுமனே எழும்பினால் கெண்டைக்காலுக்குத்தான் வேலை அதிகம். சுவரைப் பிடித்துக்கொண்டு மூன்று விநாடியில் மேலே, இரண்டு விநாடி அப்படியே, மூன்று விநாடியில் கீழே. பன்னிரண்டாவது தடவைக்கு மேல் முடியாத அளவுக்குப் பாரம் இருக்க வேண்டும். ஒற்றைக் காலில் பன்னிரண்டு வராவிட்டால் இரண்டு காலாலும் தொடங்குங்கள், சுலபமாக வந்துவிட்டால் முதுகுப்பையில் ஐந்து கிலோ அரிசிப் பையைப் போட்டு மாட்டிக்கொள்ளுங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள், மூன்று செட். இரண்டு வாரம் கழித்துப் பாரத்தைக் கூட்டிப் பத்து பத்தாக நான்கு செட், இன்னும் இரண்டு வாரம் போனால் எட்டு எட்டாக ஐந்து செட். டென்மார்க்கில் செய்து 2014இல் வெளிவந்த ஆய்வில் இருந்த முறை இது. பாதத்தை இழுத்துவிடும் பயிற்சியை மட்டும் செய்தவர்களைவிட இப்படிப் பாரம் கொடுத்தவர்களுக்கு மூன்றாம் மாதத்தில் வலி நன்றாகக் குறைந்திருந்தது, ஒரு வருடத்தில் இரண்டு குழுவும் ஏறக்குறைய ஒன்றுதான். அதாவது சீக்கிரம் தேறலாம், ஆனாலும் மாதக் கணக்கில்தான்.

செய்யும்போது கொஞ்சம் வலிக்கும், பரவாயில்லை. மறுநாள் காலை முதல் அடியைத்தான் கவனிக்க வேண்டும்: முந்தின நாளைவிட மோசமாக இருந்தால் பாரத்தைக் குறையுங்கள், அதே அளவு இருந்தால் தொடருங்கள்.

ஸ்குவாட்டுக்கு வருவோம். மெத்தென்ற ஓட்டச் சப்பாத்தில் பார்பெல் தூக்காதீர்கள், தட்டைப் பாதம் அந்த ஸ்பாஞ்சில் உள்பக்கம் சாய்ந்து முட்டியையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும். கெட்டியான அடிப்பாகமும் உயர்ந்த குதிகாலும் உள்ள பளுதூக்கும் சப்பாத்து இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் கெட்டியான தட்டைச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, இரண்டு குதிகாலுக்கும் அடியில் ஆடாத சின்ன பிளேட்டை வைத்து 60 கிலோவில் தொடங்கலாம். குதிகால் உயர்ந்தால் கணுக்கால் அவ்வளவு மடங்க வேண்டியதில்லை, பாதமும் சாயாமல் நிற்கும். விரல்களைச் சற்று வெளியே திருப்பி, பெருவிரலின் அடி, சுண்டுவிரலின் அடி, குதிகால் மூன்றும் தரையில் அழுந்தியிருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் பாருங்கள். டெட்லிஃப்ட்டுக்கு அதே தட்டைச் சப்பாத்து போதும், 100 கிலோவை உடனே குறைக்க வேண்டியதுமில்லை, காலை அடி மோசமானால் மட்டும் குறையுங்கள். வெறுங்காலில் தூக்குவது இப்போதைக்கு வேண்டாம்.

ஒரு காலை முன்னால் எடுத்து வைத்து முட்டியை மடக்கி இறங்கும் லஞ்ச் பயிற்சியில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். பின்காலின் விரல்கள் உடம்பு எடையோடு மடங்குவதால் பட்டை திடீரென்று இழுபடும். அதற்குப் பதில் படியேறும் பயிற்சி செய்யுங்கள். கயிறு தாண்டுவதும் குதிப்பதும் வலி தணியும்வரை வேண்டாம்.

சப்பாத்து வாங்கும் காசைவிட பூட்ஸுக்குள் போடும் இன்சோலுக்கு நான் முதலிடம் கொடுப்பேன், நாளில் அதிக நேரம் அதில்தான் நிற்கிறீர்கள். கடையில் கிடைக்கும் வளைவுள்ள சாதாரண இன்சோல் போதும்; குதிகால் வலிக்கு, அளவெடுத்துச் செய்யும் விலை உயர்ந்தது அதைவிடப் பெரிதாக உதவுவதாக ஆய்வுகளில் தெரியவில்லை. அப்புறம் நம் வீடுகளில் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு டைல்ஸ் மேல் வெறுங்காலோடு நடக்கிறோம் அல்லவா, அதையும் கொஞ்ச நாள் மாற்றுங்கள். வீட்டுக்குள் மட்டும் போட கெட்டியான அடியுள்ள ஒரு ஜோடி சிலிப்பர் வாங்கிக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்து, காலையில் எழுந்ததும் முதலில் அதில் காலை நுழைத்துவிட்டு அப்புறம் நில்லுங்கள்.